யொருபா, இக்போ பெயர்கள்: யார், யாரிடம் பேசுகிறார்கள்?

கேள்வி: எங்கள் டீமில் இரண்டு நைஜீரியர்கள் இருக்கிறார்கள். ஒருவர் பாபாடுண்டே, யொருபாக்காரர். இன்னொருவர் ஒன்யேமாயெச்சி, இக்போ. இருவருமே தங்கள் பெயர் ஒரு முழு வாக்கியம் என்கிறார்கள். வாக்கியம் எப்படிப் பெயராகிறது? பெயரை வைத்தே ஒருவர் பிறந்த சூழ்நிலையைச் சொல்லிவிடலாமா?

பதில்:

பாபாடுண்டே என்றால் "அப்பா மறுபடி வந்துவிட்டார்". 'பாபா' அப்பா, 'டுன்' மறுபடி, 'டே' வந்து சேர். இங்கே அப்பா என்பது தாத்தாவையும் குறிக்கும். வீட்டுப் பெரியவர் கண்மூடிய பிறகு அந்த வீட்டில் பிறக்கும் ஆண் குழந்தைக்குத்தான் இந்தப் பெயர் வைப்பது வழக்கம். பாட்டி போன பிறகு பிறந்த பெண் குழந்தை என்றால் யேடுண்டே அல்லது இயாபோ, அதாவது "அம்மா திரும்பிவிட்டாள்". ஆகவே உங்கள் நண்பர் பிறக்கும் முன்பே அவருடைய தாத்தா தவறியிருப்பார் என்று ஓரளவு தைரியமாகச் சொல்லலாம். ஒன்யேமாயெச்சி ஒரு கேள்வி: 'ஒன்யே' யார், 'மா' அறிவார், 'எச்சி' நாளை. "நாளை நடப்பதை யார் அறிவார்?"

இரண்டும் வாக்கியங்கள்தான். ஆனால் பெயர்ப் பட்டியல்களில் போடுவது போல "இதன் பொருள் இது" என்று எழுதி நிறுத்திவிட்டால் பாதிதான் கிடைக்கும். இந்தப் பெயர்கள் குழந்தையை வர்ணிப்பவை அல்ல. யாரோ ஒருவர் யாரிடமோ சொன்ன பேச்சு அவை. பாபாடுண்டே என்பது துக்கம் ஆறாத வீட்டாரைப் பார்த்துச் சொன்னது. ஒன்யேமாயெச்சியை ஒரு தகப்பன் தன்னைக் கேலி செய்தவர்களைப் பார்த்துச் சொல்லியிருக்கலாம், தனக்குத்தானே சொல்லிக்கொண்டும் இருக்கலாம். யார் சொல்கிறார், யாரிடம் சொல்கிறார், அதற்குச் சற்று முன்னால் அந்த வீட்டில் என்ன நடந்தது: இந்த மூன்றையும் கேட்டால்தான் பெயர் திறக்கும். நைஜீரியாவின் தென்மேற்கில் யொருபாக்களிடமும் தென்கிழக்கில் இக்போக்களிடமும் இந்த வழக்கம் இருக்கிறது. மொழிகள் வேறு, தெய்வங்கள் வேறு, பெயருக்குள் பேசும் குரலும் கொஞ்சம் வேறு.

முதலில் யொருபா. இந்த மொழியில் வினைச்சொல் திரிபு இல்லாமல் வெறும் அடிச்சொல்லாகவே நிற்கும். சொற்களை அடுக்கினால் வாக்கியம். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு உயிரெழுத்து வந்தால் ஒன்று விழுந்துவிடும், அவ்வளவுதான். ஒலுஃபுன்மிலாயோ என்ற பெயரைப் பிரித்துப் பாருங்கள். 'ஒலு' தலைவன், இன்றைய வழக்கில் கடவுள். 'ஃபுன்' கொடுத்தார். 'மி' எனக்கு. 'நி' என்பது கொடுக்கப்பட்ட பொருளுக்கு முன்னால் வரும் சிறு சொல். 'ஆயோ' மகிழ்ச்சி. 'நி' உயிரெழுத்துக்கு முன் 'ல்' ஆக மாறும். அதனால் 'நி ஆயோ' என்பது 'லாயோ' ஆகிறது. முழுதும் சேர்த்தால் "கடவுள் எனக்கு மகிழ்ச்சியைக் கொடுத்தார்". இந்த 'எனக்கு' குழந்தை அல்ல, பெயர் வைத்தவர் என்பதைக் கவனியுங்கள். 1900இல் அபேயொகூட்டாவில் பிறந்து, பிற்காலத்தில் பெண்களைத் திரட்டி வரிக்கு எதிராகப் போராடிய ஃபுன்மிலாயோ ரான்சம்-குட்டியின் பெயர் இதுதான். பாடகர் ஃபேலாவின் தாய் அவர். ஞானஸ்நானத்தில் வைத்த ஃபிரான்சிஸ், அபிகேல் என்ற பெயர்களை இங்கிலாந்தில் படித்துத் திரும்பியபின் விட்டுவிட்டார்.

பெயர் வைப்பது எட்டாம் நாள். இபாடானில் வேலை பார்த்த காலத்தில் சில பெயர்சூட்டு விழாக்களுக்குப் போயிருக்கிறேன். தேன், உப்பு, தண்ணீர், கோலாக் கொட்டை, கசப்புக் கோலா, ஒருவகை மிளகு என்று சிறு கிண்ணங்களில் வைத்திருப்பார்கள். பெரியவர் ஒவ்வொன்றாக எடுத்துக் குழந்தையின் உதட்டில் தொட்டுவைத்து அதற்குரிய வாழ்த்தைச் சொல்வார். தேன் போல இனிப்பாக இரு என்பது எளிது. கோலாக் கொட்டைக்குச் சொல்வது சிலேடை: அதன் பெயர் 'ஒபி', 'பி' என்றால் தள்ளு, எனவே ஒபி சாவைத் தள்ளட்டும். தண்ணீருக்கு எதிரி கிடையாது, உனக்கும் வேண்டாம். இதற்குப் பிறகுதான் பெயர்கள். பன்மையில்தான் சொல்ல வேண்டும்: அப்பா ஒன்று வைப்பார், அம்மா வழிப் பாட்டி ஒன்று, தாய்மாமன் ஒன்று, ஒவ்வொருவரும் தண்ணீர்க் கிண்ணத்தில் காசைப் போட்டுவிட்டுத் தன் பெயரைச் சொல்வார். ஒரு குழந்தை ஏழெட்டு வாக்கியங்களோடு வீட்டுக்குள் போகும். பள்ளிக்கூடத்தில் அதில் ஒன்றோ இரண்டோ பதிவாகும். ஆகவே ஒரு யொருபாக்காரரின் பாஸ்போர்ட்டில் இருக்கும் பெயர் குடும்பம் பேசியதில் ஒரு துண்டுதான்.

"வீட்டைப் பார்த்துத்தான் பிள்ளைக்குப் பெயர் வைக்க வேண்டும்" என்று யொருபாவில் ஒரு பழமொழி உண்டு. 'வீடு' என்பதற்கு இங்கே இரண்டு அர்த்தம். ஒன்று, வீட்டில் அப்போது நடப்பது என்ன என்பது. வெளியூரில் இருக்கும்போது பிறந்தால் பாமிடேலே, "என்னோடு ஊருக்கு வா". வழியிலேயே பிரசவமானால் அபியோனா, பண்டிகை நாளில் என்றால் அபியோடுன். இரண்டு, அந்த வீட்டின் குலத்தொழிலும் தெய்வமும். பெயரின் முதல் அசை இதைக் காட்டிக்கொடுக்கும். 'அடே' என்றால் முடி, ராஜவம்சத்தார் வைப்பது. 'அயான்' மத்தளக்காரர் வீடு. 'ஓகுன்' இரும்பின் தெய்வம். கொல்லரும் வேட்டைக்காரரும் வைப்பார்கள். 'ஃபா' அல்லது 'இஃபா' குறி சொல்லும் பூசாரி வீடு. வாக்கியத்தின் மிச்சம் ஒன்றாகவே இருக்கும், எழுவாய் மட்டும் வீட்டுக்கு வீடு மாறும். அடேபியி என்றால் "முடி இவனைப் பெற்றது", ஓகுன்பியி என்றால் "ஓகுன் இவனைப் பெற்றது".

சில பெயர்களைக் குழந்தையே கொண்டுவந்துவிடும் என்பார்கள். வானத்திலிருந்து எடுத்துவந்த பெயர் என்று அந்த வகைக்கே ஒரு பெயர் உண்டு. பெற்றோருக்கு இதில் தேர்வு கிடையாது. முதலில் கால் வந்தால் இகே. முகம் குப்புறப் பிறந்தால் அஜாயி. கழுத்தில் கொடி சுற்றியிருந்தால் ஆணுக்கு ஓஜோ, பெண்ணுக்கு ஐனா. பிறக்கும்போதே தலைமயிர் சடை கட்டியிருந்தால் டாடா. ஒரு மருத்துவச்சியின் குறிப்பேடுதான் இது. சுமார் 1809இல் பிறந்து, 1821இல் அடிமைவேட்டையில் பிடிபட்டு, மறுவருடம் பிரிட்டிஷ் கடற்படையால் மீட்கப்பட்டு, 1864இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் ஆப்பிரிக்க பிஷப் ஆனவர் சாமுவேல் அஜாயி குரௌதர். நடுவிலுள்ள அந்தப் பெயரால், அவர் எந்த நிலையில் பிறந்தார் என்பது இருநூறு வருடம் கழித்தும் நமக்குத் தெரிகிறது.

இரட்டையருக்கும் இதே விதிதான். முதலில் வெளியே வருவது டாயிவோ, "உலகத்தைச் சுவைத்துப் பார்". பிறகு வருவது கெஹிண்டே, "பின்னால் வந்தவன்". ஆனால் மூத்தது கெஹிண்டேதான் என்பார்கள். உலகம் எப்படி இருக்கிறது என்று பார்த்துவர அண்ணன் தம்பியை முன்னால் அனுப்பினான், தம்பி போட்ட அழுகை கேட்டு அண்ணன் வந்தான் என்பது விளக்கம். இரட்டையருக்கு அடுத்துப் பிறப்பது இடோவு, அதற்கும் அடுத்தது அலாபா. யொருபாக்களிடம் இரட்டைப் பிரசவம் உலகிலேயே மிக அதிகம். சில வட்டாரங்களில் 1000 பிரசவத்துக்கு 40க்கும் மேல். அதனால் இந்த நான்கு பெயரும் தெருவுக்குத் தெரு கேட்கும். ஒருவர் பெயர் இடோவு என்றால் அவருக்கு மேலே இரட்டையர் பிறந்திருக்கிறார்கள் என்று சந்தேகமில்லாமல் சொல்லலாம்.

இனி நான் அதிகம் யோசித்திருக்கும் பகுதி. யொருபாவில் 'அபிகு', இக்போவில் 'ஒக்பான்ஜே' என்று ஒரு நம்பிக்கை. அபிகு என்றால் சாவதற்கென்றே பிறப்பது, ஒக்பான்ஜே என்றால் வந்து வந்து போவது. ஒரு தாய்க்குக் குழந்தைகள் அடுத்தடுத்துப் பிறந்து இறந்தால் அவை வேறுவேறு குழந்தைகள் அல்ல, ஒரே குழந்தைதான் திரும்பத் திரும்ப வந்து அம்மாவை ஏய்க்கிறது என்று எண்ணினார்கள். இதற்குப் பின்னால் மருத்துவக் காரணம் ஒன்று இருந்திருக்கும் என்று பலர் எழுதியிருக்கிறார்கள்: சிக்கிள் செல் நோய். நைஜீரியாவில் ஏறக்குறைய நாலில் ஒருவர் இந்த மரபணுவைச் சுமக்கிறார். தாய் தந்தை இருவரிடமும் இருந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் நோயுள்ள குழந்தை பிறக்க நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. ரத்தசோகை, கைகால் வீக்கம், எலும்பு வலி, தொற்று என்று ஒரே மாதிரி அறிகுறிகளோடு, சிகிச்சை இல்லாத காலத்தில் பெரும்பாலும் ஐந்து வயதுக்குள் போய்விடும். அக்கம்பக்கத்து வீடுகளில் பிள்ளைகள் நன்றாக இருக்க, ஒரே தம்பதிக்கு மட்டும் இப்படி நடந்தால் "அதேதான் மறுபடி வந்திருக்கிறது" என்று தோன்றத்தானே செய்யும்? எல்லாச் சாவுக்கும் இது காரணமல்ல. மலேரியாவும் அம்மையும் கூடவே இருந்தன.

அடுத்து பிறக்கும் குழந்தைக்கு வைக்கும் பெயர் நேரடியாக அந்தக் குழந்தையிடம் பேசுவது. மாலொமோ: 'மா' வேண்டாம், 'லொ' போ, 'மோ' இனி. "இனிப் போகாதே." கோகுமோ, "இனி இது சாகாது". ரோட்டிமி, "என் பக்கத்தில் நில்". பான்ஜோகோ, "என்னோடு உட்கார்". டுரோஜாயே, "இருந்து வாழ்வை அனுபவி". டுரோசின்மி, "இருந்து என்னை அடக்கம் செய்". இந்தக் கடைசிப் பெயரைத் தாண்டிப் போக எனக்கு இன்னும் முடிவதில்லை. பிள்ளைகளை வரிசையாகப் புதைத்த ஒருவர், கையிலிருக்கும் எட்டு நாள் சிசுவிடம் கேட்கும் ஒரே உதவி, இந்த வரிசையைச் சரியாக்கு என்பது.

கெஞ்சல் ஒரு பக்கம். மிரட்டலும் ஏளனமும் இன்னொரு பக்கம். கோசோகோ என்ற பெயரைப் பிரித்தால் 'கோ சி ஒகோ', "மண்வெட்டி இல்லை". குழி தோண்ட இனி மண்வெட்டி கிடையாது, ஆகவே செத்துப் பிரயோசனமில்லை என்று குழந்தைக்குச் சொல்கிறார்கள். அகிசாட்டான், "கந்தல் தீர்ந்துவிட்டது"; சுற்றிப் புதைக்கத் துணி இல்லை. இக்போகோயி, "காடு இதை வேண்டாம் என்றுவிட்டது". அபிகு என்று கருதிய குழந்தைகளை முறைப்படி அடக்கம் செய்யாமல் காட்டில் போட்ட காலத்தின் பெயர். இன்னும் கீழே இறங்கினால் அஜா, வெறும் "நாய்". யாரும் ஆசைப்படாத பொருள்போலக் காட்டினால் சாவு திரும்பிப் பார்க்காது என்ற கணக்கு. குப்பன், பிச்சை என்று பெயர் வைத்த தமிழ் வீடுகளின் கணக்கும் இதுவேதான், இரண்டுக்கும் இடையில் எந்தத் தொடர்பும் இல்லாவிட்டாலும். குழந்தை தங்கிவிட்டால் பெயரின் தொனியும் மாறும்: எக்குண்டாயோ, "அழுகை மகிழ்ச்சியாகிவிட்டது".

இதே துயரத்தை இக்போக்கள் பேசும் விதம் வேறு. யொருபாத் தாய் பெரும்பாலும் குழந்தையிடம் பேசுகிறாள். இக்போ வீடு நேரே சாவிடம் பேசுகிறது. 'ஒன்வு' என்றால் மரணம். ஒன்வுபிகோ, "மரணமே, உன்னைக் கெஞ்சுகிறேன்". ஒன்வுஎக்புனா, "மரணமே, கொல்லாதே". ஒன்வுசுருய்கே, "மரணமே, ஓய்வெடு". கடைசிப் பெயரில் ஒரு நையாண்டி இருக்கிறது, இத்தனை வேலை செய்து களைத்திருப்பாயே என்பதுபோல. சாவின் பெயரைச் சொல்லாமலே சாவைத் தடுக்கும் பெயர் ஓசோஎமேனா: 'ஓசோ' இன்னொன்று, 'மே' நிகழ், 'னா' வேண்டாம். "இன்னொரு முறை நடக்க வேண்டாம்." எது நடக்க வேண்டாம் என்பதைப் பெயர் சொல்லாது. வீட்டில் இருப்பவர்களுக்கு அது சொல்லித் தெரிய வேண்டியதும் இல்லை.

இந்த 'னா'வைப் பிடித்துக்கொண்டால் பல இக்போப் பெயர்களைத் தாமாகவே பிரிக்கலாம். சில வட்டாரங்களில் 'லா' என்று வரும். நடக்கக்கூடாத ஒன்றைத் தடுக்கும் வேண்டுதல் அது. ஒபியெச்சினா: 'ஒபி' ஆண்மகனின் வீட்டுக்கட்டு, 'எச்சினா' மூடிவிட வேண்டாம். அஹமெஃபுலா: 'அஹா' பெயர், 'ம்' என், 'எஃபுலா' தொலைந்துபோக வேண்டாம். ஆண்வழியில் நிலமும் வீடும் போகும் சமூகத்தில், நெடுநாள் பிள்ளையில்லாமல் இருந்தவருக்கோ ஒற்றை மகன் மட்டும் பிறந்த வீட்டிலோ இவை பொருத்தமானவை. அந்தப் பையன் மேல் எவ்வளவு பாரம் என்று நினைத்துக்கொள்வேன். அவன் பெயரைக் கூப்பிடும்போதெல்லாம் வம்சம் அறுந்துவிடுமோ என்ற அப்பாவின் பயமும் சேர்ந்து ஒலிக்கும். ஆனால் 'னா' என்று முடிவதெல்லாம் வேண்டுதல் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. உச்சென்னா என்பதில் இருப்பது 'ன்னா', தகப்பன். "தகப்பனின் சித்தம்" என்று பொருள்.

வாக்கியமே இல்லாத இக்போப் பெயர்களும் ஏராளம். பழைய இக்போ வாரத்துக்கு நாலு நாள்தான்: எகே, ஓரியே, அஃபோ, ன்க்வோ. நாலும் சந்தை நாட்கள். எகே அன்று பிறந்தவன் ஒகேகே, ஓரியேயில் ஒகோரியே அல்லது ஒகோயே, அஃபோவில் ஒகாஃபோர், ன்க்வோவில் ஒகோன்க்வோ. பெண்ணென்றால் ம்க்பேகே, ம்க்பாஃபோர் என்று போகும். நைஜீரியச் செய்திகளில் நீங்கள் பார்க்கும் பல இக்போக் குடும்பப் பெயர்கள் இவைதான். யாரோ ஒரு முன்னோர் பிறந்த சந்தை நாள்.

வாக்கியப் பெயர்களில் இக்போக்கள் தெருச் சண்டையையும் கொண்டுவருவார்கள். மடுவாபுச்சி, "மனிதன் கடவுளல்ல". கல்யாணமாகி வருடக்கணக்கில் குழந்தையில்லாமல் ஊர் ஏச்சைக் கேட்ட வீட்டில் இந்தப் பெயர் வைத்தால், பக்கத்து வீட்டுக்காரர் குழந்தையைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் ஒவ்வொரு முறையும் தன்மீதான பதிலைத் தானே சொல்ல வேண்டியிருக்கும். எதிரியின் வாயாலேயே பேசவைக்கும் தந்திரம் இது. வரிசையாகப் பெண்களே பிறந்த வீட்டில் ந்வான்யிபுய்ஃபே என்று பெயர் உண்டு, "பெண்ணும் ஒரு பொருட்டுத்தான்". அது பெருமையா, சமாதானமா, யாரோடாவது வாக்குவாதமா என்பது எழுத்தில் தெரியாது. வைத்தவர்களைத்தான் கேட்க வேண்டும். ந்கிருகா, "முன்னால் இருப்பது இன்னும் பெரிது" என்பதும் அப்படியே. நம்பிக்கை என்றும் படிக்கலாம், இப்போது கிடைத்தது போதவில்லை என்றும் படிக்கலாம்.

'சி' என்று தொடங்கும் பெயர்களையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நீங்கள் இக்போக்களிடம் அதிகம் பார்க்கப்போவது அவற்றைத்தான். இன்று "கடவுள்" என்று மொழிபெயர்க்கிறார்கள். பழைய நம்பிக்கையில் 'சி' ஒவ்வொரு ஆளுக்கும் உரிய தனித் தெய்வம், அவனோடு பிறந்து அவன் விதியைக் கையில் வைத்திருப்பது. அதிலிருந்துதான் 'சுக்வு', பெரிய 'சி', எல்லோருக்கும் மேலான கடவுள். எழுத்தாளர் சினுவா அச்செபேயின் முழுப்பெயர் சினுவாலுமோகு, "என் சி எனக்காகப் போரிடட்டும்". 1930இல் ஒகிடியில் கிறித்தவப் பெற்றோருக்குப் பிறந்தவர், விக்டோரியா மகாராணியின் கணவர் பெயரான ஆல்பர்ட்டையும் சேர்த்து ஞானஸ்நானம் பெற்றவர். கல்லூரிக் காலத்தில் ஆல்பர்ட்டைக் கழற்றிவிட்டார். 'சினுவா' என்று சுருக்கியபோது வாக்கியம் நடுவில் அறுந்துவிட்டது. தெய்வம் இருக்கிறது, போர் காணாமல் போனது. நைஜீரியாவின் முதல் ஜனாதிபதி ன்னம்டி அசிகிவேயும் பெஞ்சமின் என்ற பெயரை 1934இல் விட்டவர்தான். ன்னம்டி என்றால் "என் அப்பா உயிரோடிருக்கிறார்", இக்போக்களின் பாபாடுண்டே என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. பெயரை வைத்துச் சூழ்நிலையைச் சொல்லிவிடலாமா? மேலே சொன்ன வகைகளில் சொல்லலாம், ஆனால் நாலு இடத்தில் வழுக்கும்.

முதல் வழுக்கல், சுருக்கம். ஃபெமி என்றால் "என்னை நேசி" என்று இணையத்தில் போட்டிருப்பார்கள். முழுப்பெயர் ஒலுஃபெமி, "கடவுள் என்னை நேசிக்கிறார்". டோபி என்பதை "பெரியவன்" என்று எழுதுவார்கள். ஒலுவாடோபி, "கடவுள் பெரியவர்". எழுவாய் போனபின் வினை யாரைப் பற்றியது என்பதே மாறிவிடுகிறது. ந்கெச்சி, எமேகா எல்லாம் இப்படி வெட்டப்பட்டவையே: ந்கெச்சின்யேரே, "கடவுள் கொடுத்தது", சுக்வுஎமேகா, "கடவுள் பெரிதாகச் செய்துவிட்டார்". எனவே முழு வடிவத்தைக் கேட்காமல் பொருள் சொல்லக் கூடாது.

இரண்டாவது, தொனி. யொருபாவில் மேல், நடு, கீழ் என்று மூன்று சுருதி. எழுத்துக்கு மேலும் கீழும் உள்ள குறிகளை விட்டுவிட்டு எழுதினால் வேறுவேறு சொற்கள் ஒன்றாகத் தெரியும். ஒரு 'ஒலா' மதிப்பு, இன்னொரு 'ஒலா' நாளை. 'ஆயோ'வில் உள்ள ஒகரத்தை வாய் திறந்து சொன்னால் மகிழ்ச்சி. குவித்துச் சொன்னால் குழிப்பலகையில் விதை போட்டு ஆடும் ஒரு விளையாட்டு, நம் பல்லாங்குழிக்கு உறவுக்காரி. நான் தமிழ் எழுத்தில் எழுதியிருப்பதிலும் இந்த வேறுபாடு வராது என்பதை நினைவில் வையுங்கள்.

மூன்றாவது, மதம் மாறியபோது எழுவாயை மாற்றியவர்கள். ஓகுன், இஃபா, எஷு என்று தொடங்கிய எத்தனையோ பெயர்களில் அந்தத் தெய்வத்தை எடுத்துவிட்டு 'ஒலு' அல்லது 'ஒலுவா' போட்டார்கள். மீதி வாக்கியத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். ஓகுன்பியி ஒலுபியி ஆனால் அந்த வீட்டில் கொல்லுப்பட்டறை இருந்ததா என்பது மறைந்துபோகிறது. இப்போது பிறக்கும் குழந்தைகளுக்கு ஒலுவா-, சுக்வு-, சி- என்று தொடங்கும் நன்றிப் பெயர்கள்தான் பெரும்பாலும். அவற்றிலிருந்து பெற்றோர் பக்தர்கள் என்பதற்கு மேல் எதுவும் தெரிந்துகொள்ள முடியாது. கோசோகோ, அகிசாட்டான் போன்றவற்றைச் சிசுவுக்கு வைப்பது அரிதாகிவிட்டது. கல்யாணத்துக்கு முன்பே சிக்கிள் செல் பரிசோதனைச் சீட்டைக் கேட்கும் தலைமுறை இது. பல தேவாலயங்களில் அந்தச் சீட்டு இல்லாமல் கல்யாணமே நடக்காது.

நாலாவதுதான் பெரிய வழுக்கல்: குடும்பப் பெயர். பழைய வழக்கத்தில் ஒவ்வொரு ஆளுக்கும் அவரவர் வாக்கியம்தான். மிஷனரிப் பள்ளிகளும் காலனி அரசின் பதிவேடுகளும் வந்தபோது அப்பாவின் அல்லது தாத்தாவின் பெயரைக் கடைசிப் பெயராக எழுதச் சொன்னார்கள். யாரோ ஒருவருக்காகச் சொன்ன வாக்கியம் அப்படியே உறைந்து பேரன் பேத்திகளுக்கு ஒட்டிக்கொண்டது. 1845 முதல் 1851 வரை லாகோஸை ஆண்டு, பிரிட்டிஷ் பீரங்கிகளால் துரத்தப்பட்ட அரசரின் பெயர் கோசோகோ. இன்றும் அது ஒரு குடும்பப் பெயராக இருக்கிறது. இன்றைய கோசோகோ ஒருவரைப் பார்த்து "உங்களுக்கு முன்னால் பிள்ளைகள் தவறிப்போயினவோ?" என்று கேட்டால் அபத்தமாகிவிடும். நோபல் பரிசு பெற்ற வொலே சோயின்காவின் கடைசிப் பெயருக்கு "மந்திரவாதிகள் என்னைச் சூழ்ந்திருக்கிறார்கள்" என்று அர்த்தம். அந்த 'என்னை' அவரல்ல, அவருக்கு முந்திய ஒருவர்.

இதில் எனக்குப் பிடித்த உதாரணம் கூடைப்பந்து வீரர் யானிஸ் ஆன்டெடோகூன்போ. யொருபாவில் இது அடேடோகுன்போ: 'அடே' முடி, 'ஒகுன்' கடல், 'போ' திரும்பி வருதல். "முடி கடல் கடந்து திரும்பி வந்தது." வெளிநாட்டில் பிறந்து ஊருக்கு வந்த பிள்ளைக்கு வைக்கும் பெயர், சுருக்கமாக டோகுன்போ. நைஜீரியத் தெருக்களில் ஐரோப்பாவிலிருந்து வரும் பழைய கார்களையும் இதே பெயரால் கூப்பிடுகிறார்கள், கடல் தாண்டி வந்த சரக்கு என்பதால். யானிஸ் 1994இல் ஏதென்ஸில் பிறந்தவர். அப்பா யொருபா, அம்மா இக்போ. ஆங்கில 'd', 'b' ஒலிகளைக் கிரேக்க எழுத்தில் மெல்லெழுத்து சேர்த்து இரண்டிரண்டு எழுத்தால்தான் எழுத முடியும். 2013இல் கிரேக்கப் பாஸ்போர்ட் கிடைத்தபோது அந்த எழுத்துகளை ஒவ்வொன்றாக மறுபடி ஆங்கில எழுத்துக்கு மாற்றினார்கள். அப்படித்தான் யொருபாக்காரருக்கே அடையாளம் தெரியாத அந்த எழுத்துக்கூட்டு வந்தது. கடல் தாண்டிப் பிறந்தவர் என்பது யானிஸுக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆனால் அந்தப் பெயர் அவருக்காக வைத்ததல்ல, அப்பா வழியில் வந்த குடும்பப் பெயர். அவருடைய பெயரில் அம்மாவின் மொழியும் ஒரு சொல்லாக இருக்கிறது: உகோ, கழுகு.